புகாரில் இரண்டு லட்சம், குற்றச்சாட்டில் 136,250 ரிங்கிட்: ஒரு வழக்கின் தாள்களைச் சுருக்கி எழுதுவது எப்படி

ஜார்ஜ்டவுன் மார்க்கெட் ஸ்திரீட்டில் ஒரு புடவைக் கடை என்று வைத்துக்கொள்வோம். கணக்கு எழுதும் பெண் இரண்டு ஆண்டுகளாகக் கடைப் பணத்தில் கை வைத்துவிட்டார் என்று முதலாளி போலீசில் புகார் கொடுக்கிறார். "ஏறக்குறைய இரண்டு லட்சம் ரிங்கிட்டை ஏமாற்றிவிட்டார்" என்பது புகாரில் உள்ள வாசகம். பத்து மாதம் கழித்து அந்தப் பெண் செஷன்ஸ் நீதிமன்றத்தில் நிறுத்தப்படுகிறார். அங்கே வாசிக்கப்படும் குற்றச்சாட்டுகளில் பணத்தைக் கூட்டிப் பார்த்தால் 136,250 ரிங்கிட்தான் வருகிறது. ஏமாற்றுக் குற்றத்துக்கான பிரிவு எதுவும் அங்கே இல்லை. அன்று மாலையே வாட்ஸ்அப்பில் செய்தி சுற்றுகிறது: "இரண்டு லட்சம் ஏமாற்றிய பெண்மீது குற்றப்பத்திரிகை, கணவரும் உடந்தை." தொகை குற்றச்சாட்டில் இல்லாதது. ஏமாற்று என்பதும் இல்லாதது. கணவர் எந்தத் தாளிலும் குற்றஞ்சாட்டப்படவில்லை.

விளக்கத்துக்காக நான் கட்டிய வழக்கு இது. கடையும் ஆட்களும் தொகைகளும் கற்பனை. சட்டப் பிரிவுகளும் நடைமுறையும் மலேசியாவில் நடப்பில் உள்ளவை. ஒரு வழக்கைச் சுருக்கி எழுத வேண்டியவர்கள் செய்தியாளர்கள் மட்டுமல்லர். சங்கச் செயலாளர், வழக்கறிஞர் அலுவலகக் குமாஸ்தா, அண்ணன்மேல் வழக்கு என்று தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு விழிக்கும் தம்பி என்று பலருக்கும் இந்த வேலை வந்து சேர்கிறது. மேலே சொன்ன கோளாறு கெட்ட எண்ணத்தால் வருவதில்லை. மூன்று வெவ்வேறு தாள்களை ஒரே தாளாகப் படிப்பதால் வருகிறது.

தமிழ்நாட்டுச் செய்திகளைப் பார்த்தே நம்மில் பலர் இந்த விஷயத்தைத் தெரிந்துகொண்டிருக்கிறோம், குழப்பத்தில் பாதி அங்கிருந்து வருகிறது. இந்தியாவில் முதல் தகவல் அறிக்கையைப் பதிவு செய்வதும் போலீஸ், விசாரணை முடிந்ததும் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்வதும் போலீஸ். 2024 ஜூலை 1 முதல் அங்கே நடப்புக்கு வந்த புதிய நடைமுறைச் சட்டத்தில் முன்னது 173ஆவது பிரிவு, பின்னது 193ஆவது பிரிவு. அந்தக் குற்றப்பத்திரிகையில் விசாரணையில் கிடைத்த தகவல்களும் வழக்கின் சூழல் தெரிந்தவர்களின் பெயர்களும் இருக்கும். அதனால் "குற்றப்பத்திரிகையில் இன்னின்ன ஆதாரம் பட்டியலிடப்பட்டுள்ளது" என்று அங்கே எழுத முடிகிறது.

இங்கே குற்றஞ்சாட்டுவது போலீஸ் அல்ல. கூட்டரசு அரசியலமைப்பின் 145(3)ஆவது பிரிவு அந்த அதிகாரத்தைச் சட்டத்துறைத் தலைவருக்குத் தருகிறது. அவர் சார்பில் அரசுத் தரப்புத் துணை வழக்கறிஞர், நாம் டி.பி.பி. என்று சொல்பவர், போலீசின் விசாரணைக் கோப்பைப் படித்துவிட்டுக் குற்றச்சாட்டை எழுதுகிறார். அது ஒரு குற்றத்துக்கு ஒரு பத்தி. "நீ, இந்தத் தேதிக்கும் இந்தத் தேதிக்கும் இடையில், இந்த இடத்தில், இன்னதைச் செய்தாய், அது இந்தப் பிரிவின்கீழ் தண்டிக்கத்தக்க குற்றம்" என்ற அளவோடு முடிந்துவிடும். சாட்சிப் பட்டியலோ ஆதாரப் பட்டியலோ அதில் கிடையாது. ஆதாரம் மூன்றாவது வழியில், வேறொரு நாளில், எதிர்த்தரப்பின் கைக்கு வருகிறது. ஆக நம் கடை வழக்கில் முதல் தாள் முதலாளியின் குரல், இரண்டாவது டி.பி.பி.யின் குரல், மூன்றாவது ஒரு கட்டு ஆவணங்கள். எந்த வரி எந்தத் தாளிலிருந்து வந்தது என்று ஓரத்தில் குறித்துக்கொள்ளாமல் சுருக்க உட்கார்ந்தால், பத்து நிமிஷத்தில் மூன்றும் கலந்துவிடும்.

புகாரிலிருந்து தொடங்குவோம். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107ஆவது பிரிவின்படி, ஒருவர் வாய்மொழியாகச் சொல்லும் தகவலை நிலையத்தில் எழுத்தில் பதிந்து, அவருக்கே வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்க வேண்டும். தேதியும் நேரமும் பதிவாக வேண்டும். புகார் படிவத்தின் தலைப்பகுதியை நம்மவர்கள் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுவார்கள். அங்கேதான் எந்த மொழியில் தகவல் பெறப்பட்டது, மொழிபெயர்ப்பாளர் இருந்தாரா என்ற விவரங்கள் இருக்கும். முதலாளி தமிழிலும் பேச்சு மலாயிலும் கலந்து சொல்லியிருப்பார், தட்டச்சு செய்தவர் மலாயில் சுருக்கியிருப்பார். "ஏமாற்றினார்" என்று இருந்தால் அது முதலாளி தேர்ந்த சொல்லா, நிலையத்தில் வழக்கமாக விழும் சொல்லா என்று தாளை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. ஆகவே அந்தச் சொல்லை வைத்து எந்தக் குற்றம் என்று நாம் முடிவு கட்டக் கூடாது.

இன்னொன்று, ஒரே சம்பவத்தில் புகார்கள் பல இருக்கலாம். கைது செய்த அதிகாரியும் கைது பற்றி ஒரு புகார் பதிவு செய்வார். கணக்குப் பெண்ணே "என்னைக் கடைக்குள் பூட்டி வைத்து மிரட்டினார்கள்" என்று எதிர்ப்புகார் கொடுத்திருக்கலாம். எல்லாவற்றுக்கும் தனித்தனி எண் உண்டு. முதல் தகவல் அறிக்கை என்பது குற்றம் நடந்ததைப் போலீசுக்கு முதலில் தெரிவித்து விசாரணையைத் தொடங்கி வைத்த புகார். தேதியையும் நேரத்தையும் வைத்து அதைக் கண்டுபிடித்து, மற்றவற்றைத் தனியே வைத்துவிட வேண்டும்.

நம் வழக்கில் முதலாளியின் புகார் 2024 மார்ச் 12, மாலை 4.40க்குப் பதிவானது. அது சொல்லும் கதை இப்படிப் போகிறது: மார்ச் 4 அன்று ஆடிட்டர் வந்து பார்த்தபோது விற்பனைப் புத்தகமும் வங்கிக் கணக்கும் பொருந்தவில்லை. மறுநாள் கேட்டபோது அந்தப் பெண் அழுதுகொண்டே "எடுத்தது உண்மைதான் அண்ணா, திருப்பித் தந்துவிடுகிறேன்" என்றார். 2022இலிருந்தே நடந்திருக்கும் என்று சந்தேகம். அவர் கணவர் அண்மையில் புதுக் கார் வாங்கியிருக்கிறார். மொத்த இழப்பு ஏறக்குறைய இரண்டு லட்சம். விசாரிக்கக் கோருகிறேன்.

புகார் கண்டுபிடித்த வரிசையில் பேசும், நடந்த வரிசையில் பேசாது. முதலில் ஆடிட்டர், பிறகு அழுகை, பிறகு பழைய காலத்துக்குத் தாவல், கடைசியில் தொகை. அப்படியே சுருக்கினால், பணம் 2024 மார்ச்சில் காணாமல் போனது போலப் படிப்பவருக்குத் தோன்றும். ஒரு வெள்ளைத்தாளில் மூன்று வகைத் தேதிகளைப் பிரித்து எழுதிக்கொள்வது நல்லது: நடந்ததாகச் சொல்லப்படும் காலம், தெரியவந்த நாள், போலீசுக்குப் போன நாள். இங்கே முதலாவது 2022 முதல் 2024 வரை, அதுவும் ஊகம். இரண்டாவது மார்ச் 4. மூன்றாவது மார்ச் 12. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் இடையே எட்டு நாள் இடைவெளி இருக்கிறது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் கேட்கப்போகும் கேள்விகளில் இது ஒன்று: எட்டு நாள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? பேரம் பேசினீர்களா? சுருக்கத்தில் இந்த இடைவெளி கண்ணில் பட வேண்டும். ஆனால் அதற்கு நாம் காரணம் கற்பிக்கக் கூடாது.

அடுத்ததாக, புகாரின் ஒவ்வொரு வாக்கியத்தின் பக்கத்திலும் இது அவர் கண்ணால் கண்டதா, பிறர் சொல்லக் கேட்டதா, ஊகமா என்று ஒரு குறி போடலாம். பெண் அழுததும் பேசியதும் முதலாளி நேரில் கண்டு கேட்டது. கணக்கு பொருந்தாதது ஆடிட்டர் சொன்னது, அதற்கு ஆடிட்டர்தான் சாட்சி. கார் ஊகம். இரண்டு லட்சமும் ஊகம், "ஏறக்குறைய" என்ற சொல்லே அதை ஒப்புக்கொள்கிறது. நீதிமன்றத்தில்கூட முதல் தகவல் அறிக்கை தன்னளவில் குற்றத்தை நிரூபிக்கும் சான்று அல்ல. கொடுத்தவர் பின்னர் சாட்சிக் கூண்டில் சொல்வதற்கு அது வலு சேர்க்கலாம், அல்லது அதற்கு முரணாக நிற்கலாம். அவ்வளவுதான் அதன் பயன்.

இனி சட்டப் பிரிவுகள். போலீஸ் விசாரணைக் கோப்பைத் திறக்கும்போதே ஒரு பிரிவைப் போட்டுத்தான் திறக்கும். மாவட்டப் போலீஸ் தலைவர் செய்தியாளர்களிடம் "420ஆவது பிரிவின்கீழ் விசாரிக்கப்படுகிறது" என்று சொல்வது இதைத்தான். இது கோப்பின் மேல் ஒட்டிய தற்காலிக அடையாளம். விசாரணையில் கிடைப்பதைப் பொறுத்து டி.பி.பி. முற்றிலும் வேறு பிரிவைத் தேர்ந்தெடுக்கலாம். நம் வழக்கில் அப்படித்தான் ஆனது.

420 என்பது ஏமாற்றிப் பொருளைக் கொடுக்க வைத்தல். ஒருவர் பொய் சொல்ல, அந்தப் பொய்யை நம்பி, பொருளை வைத்திருப்பவர் கொடுக்க வேண்டும். நம் கணக்குப் பெண்ணிடம் தினசரி வசூல் வந்ததற்குப் பொய் காரணமல்ல. அது அவர் வேலை. முறையாகக் கைக்கு வந்த பணத்தைத் தனக்காக்கிக் கொண்டார் என்பதுதான் குற்றச்சாட்டு. அது நம்பிக்கை மோசடி, குமாஸ்தாவோ ஊழியரோ செய்தால் தண்டனைச் சட்டத்தின் 408ஆவது பிரிவு. ஓராண்டுக்குக் குறையாமல் 14 ஆண்டுக்கு மேற்படாமல் சிறை, பிரம்படி, கூடவே அபராதமும் விதிக்கப்படலாம். கம்பெனி இயக்குநர் போன்ற முகவரோ அரசு ஊழியரோ என்றால் 409, அங்கே சிறை இரண்டிலிருந்து 20 ஆண்டு வரை. பிரிவு எண் ஒன்று தப்பினால் தண்டனையின் உச்சம் ஆறு ஆண்டு மாறிப்போகும்.

பிரம்படி என்று படித்ததும் "குற்றம் நிரூபிக்கப்பட்டால் பிரம்படியும் விதிக்கப்படலாம்" என்று எழுதக் கை போகும். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 289ஆவது பிரிவு பெண்களுக்குப் பிரம்படி கூடாது என்கிறது. பிரிவின் வாசகத்தில் இருப்பதை அப்படியே பெயர்த்து, நிற்பவர் பெண் என்பதை மறந்துவிட்ட செய்திகளை நான் பலமுறை படித்திருக்கிறேன்.

இனி அந்தக் குற்றச்சாட்டுகளையே பார்ப்போம். 2025 ஜனவரி 16 அன்று வாசிக்கப்பட்டவை மூன்று. முதலாவது, 2022 ஏப்ரல் 4 முதல் 2023 மார்ச் 30 வரை 71,350 ரிங்கிட், 408ஆவது பிரிவு. இரண்டாவது, 2023 ஏப்ரல் 3 முதல் 2024 பிப்ரவரி 28 வரை 64,900 ரிங்கிட், அதே பிரிவு. மூன்றாவது, 2024 ஜனவரி 25 தேதியிட்டு, 8,200 ரிங்கிட் வங்கி கவுன்டரில் கட்டப்பட்டதாக ரொக்கப் பேரேட்டில் பொய்ப் பதிவு செய்தது, 477A பிரிவு. இதற்கு ஏழாண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

ஒரே கடை, ஒரே ஆள், ஒரே வேலை. பிறகு ஏன் பணத்தை இரண்டாகப் பிரித்தார்கள்? இங்கேதான் பலர் "இரண்டு முறை திருடினார்" என்று எழுதி மாட்டிக்கொள்கிறார்கள். நடைமுறைச் சட்டத்தின் 153(2)ஆவது பிரிவைத் தெரிந்துகொண்டால் விடை கிடைக்கும். நம்பிக்கை மோசடி வழக்கில் நாள்தோறும் எவ்வளவு எடுத்தார் என்று தனித்தனியே சொல்ல வேண்டியதில்லை. மொத்தத் தொகையையும் முதல் தேதி, கடைசித் தேதியையும் சொன்னால் போதும், அது ஒரே குற்றமாகக் கொள்ளப்படும். ஆனால் அந்த இரு தேதிகளுக்கும் இடையே ஓராண்டுக்கு மேல் போகக் கூடாது. இரண்டு ஆண்டுக் கதை அதனால்தான் இரண்டு பத்தியானது. எத்தனை தடவை பணம் எடுத்தார் என்பதற்கும் இந்த எண்ணிக்கைக்கும் சம்பந்தமில்லை. இடையில் இருக்கும் மார்ச் 31 முதல் ஏப்ரல் 2 வரையிலான நாள்களைப் பற்றிக் குற்றச்சாட்டு எதுவும் சொல்லவில்லை. ஆகவே "2022 ஏப்ரல் முதல் 2024 பிப்ரவரி வரை தொடர்ந்து" என்றும் எழுத முடியாது.

தொகையிலும் அதே கவனம் வேண்டும். 71,350உம் 64,900உம் சேர்ந்தால் 136,250. மூன்றாவது குற்றச்சாட்டின் 8,200ஐ இதோடு கூட்டக் கூடாது. அது எடுத்த பணத்தைப் பற்றியதல்ல, மறைக்க எழுதிய பதிவைப் பற்றியது. அந்தப் பணம் இரண்டாவது குற்றச்சாட்டின் 64,900க்குள் ஏற்கெனவே அடங்கியிருக்கக்கூடும், குற்றச்சாட்டு அதைச் சொல்லவில்லை. கூட்டினால் 144,450 என்று ஒரு புது எண் பிறக்கும். அந்த எண்ணுக்கு எந்தத் தாளிலும் தாய் தகப்பன் கிடையாது.

புகாரின் இரண்டு லட்சத்துக்கும் இந்த 136,250க்கும் உள்ள இடைவெளியை என்ன செய்வது? ரசீது தொலைந்த மாதங்கள் இருக்கலாம், முதலாளி குத்துமதிப்பாகச் சொல்லியிருக்கலாம், வேறொருவரும் கல்லாவைத் தொட்டிருக்கலாம். தாள்களில் காரணம் இல்லையென்றால் சுருக்கத்திலும் இருக்கக் கூடாது. இரண்டு எண்களையும், எது எங்கிருந்து வந்தது என்பதையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துவிட்டு நகர வேண்டியதுதான். "தொகை குறைக்கப்பட்டது" என்று எழுதினால் யாரோ ஒருவர் வேண்டுமென்றே குறைத்தார் என்ற பொருள் வந்துவிடும்.

ஆதாரத்துக்கு வருவோம். நடைமுறைச் சட்டத்தின் 51A பிரிவின்படி, நீதிமன்ற விசாரணை தொடங்குமுன் அரசுத் தரப்பு எதிர்த்தரப்புக்கு மூன்றைத் தர வேண்டும்: முதல் தகவல் அறிக்கையின் நகல், நீதிமன்றத்தில் தாக்கல் செய்யப்போகும் ஆவணங்களின் நகல், குற்றஞ்சாட்டப்பட்டவருக்குச் சாதகமான விவரங்கள் குறித்து அரசுத் தரப்பு கையெழுத்திட்ட எழுத்துக் குறிப்பு. சாட்சிகள் 112ஆவது பிரிவின்கீழ் போலீசிடம் கொடுத்த வாக்குமூலங்கள் இந்தப் பட்டியலில் இல்லை. அதாவது யார் என்ன சொல்லப்போகிறார் என்பது இந்த ஆவணக் கட்டில் தெரியாது, எந்தக் காகிதம் வரப்போகிறது என்பது மட்டுமே தெரியும். குற்றச்சாட்டு வாசிக்கப்பட்ட அன்று பத்திரிகையாளர் கையில் இதில் எதுவுமே இருக்காது. "ஆதாரங்கள் தாக்கல்" என்று அன்றைக்கே தலைப்புப் போடுவது வெறும் கற்பனை.

நம் கட்டில் இருப்பவை: வேலை நியமனக் கடிதம், ரொக்க விற்பனைப் புத்தகங்கள், ரொக்கப் பேரேடு, வங்கிக் கணக்கு அறிக்கைகள், ஆடிட்டரின் ஒப்பீட்டுப் பட்டியல், கல்லாமேல் இருந்த கேமராவின் பதிவு அடங்கிய தம்ப் டிரைவ், "திருப்பித் தந்துவிடுகிறேன் அண்ணா" என்ற வாட்ஸ்அப் செய்தியின் ஸ்கிரீன்ஷாட், பேரேட்டில் உள்ள கையெழுத்து குறித்த ஆவண ஆய்வு அறிக்கை. இதை வந்த வரிசையில் எழுதினால் மளிகைச் சாமான் பட்டியல்போல் ஆகிவிடும், படிப்பவருக்கு ஒன்றும் விளங்காது. அரசுத் தரப்பு எவற்றை நிரூபிக்க வேண்டுமோ அவற்றின்கீழ் ஒவ்வொன்றையும் கொண்டுபோய் நிறுத்த வேண்டும்.

408க்கு நிரூபிக்க வேண்டியவை நான்கு என்று வைத்துக்கொள்ளலாம். அவர் ஊழியர், பணம் அவர் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்டது, அதை அவர் தனக்காக்கிக் கொண்டார், நேர்மையற்ற எண்ணத்தோடு செய்தார். நியமனக் கடிதம் முதலாவதற்கு. விற்பனைப் புத்தகத்தில் அவர் வசூலை வாங்கிக்கொண்டு போட்ட கையெழுத்துகள் இரண்டாவதற்கு. விற்பனைப் புத்தகத்துக்கும் வங்கி அறிக்கைக்கும் உள்ள வேறுபாடு மூன்றாவதற்கு, ஆடிட்டரின் பட்டியல் அந்த வேறுபாட்டைக் காட்டும் கணக்கு மட்டுமே. நான்காவதற்குத் தண்டனைச் சட்டத்தின் 409B பிரிவு ஒரு ஊகத்தைத் தருகிறது. ஒப்படைப்பும் கையாடலும் நிரூபிக்கப்பட்டால், மாறாக நிரூபிக்கப்படும் வரை நேர்மையற்ற எண்ணம் இருந்ததாகவே கொள்ளப்படும். ஆகவே இந்த வழக்கின் உயிர் இரண்டாவதிலும் மூன்றாவதிலும் இருக்கிறது. இப்படி அடுக்கிப் பார்த்தபோதுதான் ஓர் ஓட்டை தெரிகிறது: வேறுபாடு பணம் வங்கிக்குப் போகவில்லை என்று காட்டுகிறது, யாரிடம் போனது என்று காட்டவில்லை. அந்த இடத்தை நிரப்பக் கட்டில் கேமராப் பதிவும் வாட்ஸ்அப் செய்தியும்தான் இருக்கின்றன.

இரண்டுமே கணினி வழிப் பிறந்த ஆவணங்கள். 1950ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 90A பிரிவின்படி, இத்தகைய ஆவணத்தை ஏற்க, அந்தக் கணினி வழக்கமான பயன்பாட்டில் இருந்தபோது அதை உருவாக்கியது என்று காட்ட வேண்டும், அதற்கு அதை நிர்வகிக்கும் பொறுப்பாளரின் சான்றிதழ் ஒரு வழி. கட்டில் வங்கி அறிக்கைக்குச் சான்றிதழ் இணைக்கப்பட்டிருக்கிறது, கேமராப் பதிவுக்கு இல்லை என்றால், அதை ஒரு வரியில் குறிக்கலாம். அதற்காக அந்தப் பதிவு செல்லாது என்று எழுதிவிடக் கூடாது, பொறுப்பாளரே வந்து சாட்சி சொல்லலாம். "திருப்பித் தந்துவிடுகிறேன்" என்பதையும் ஒப்புதல் வாக்குமூலம் என்று பெயர் சூட்டிவிடக் கூடாது. பயத்தில் சொன்னதா, ஆசை காட்டியதால் சொன்னதா, எதைத் திருப்பித் தருவதாகச் சொன்னார் என்பதெல்லாம் கூண்டில் கேட்கப்படும்.

மூன்றாவது குற்றச்சாட்டின் தேதியைப் பாருங்கள். 2024 ஜனவரி 25 தைப்பூசம். பினாங்கில் பொது விடுமுறை, வங்கி கவுன்டர் மூடியிருக்கும். கவுன்டரில் கட்டியதாகப் பேரேடு சொல்கிறது. ஜார்ஜ்டவுன்காரருக்கு இதைப் படித்த நொடியில் பொறி தட்டும். குற்றச்சாட்டு தைப்பூசத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை, நான்தான் சொல்கிறேன். அது விடுமுறை நாள் என்பது பொதுத் தகவல், அதைத் தனியாகக் குறிப்பிடலாம். "ஆகவே பதிவு பொய்" என்ற அடுத்த அடியைச் சுருக்கம் எடுத்து வைக்கக் கூடாது. முதல் நாள் கட்டிவிட்டு மறுநாள் தேதியைப் போட்டிருக்கலாம். வேறொருவர் எழுதியிருக்கலாம், அதற்குத்தான் கையெழுத்து ஆய்வு அறிக்கை.

இவ்வளவும் ஆன பிறகு எழுதப்படும் சுருக்கம் சின்னதாகத்தான் இருக்கும். நான் எழுதினால் இப்படி வரும்:

"ஜார்ஜ்டவுனில் உள்ள புடவைக் கடையில் கணக்குப் பணியாளராக இருந்த பெண்மீது 2025 ஜனவரி 16 அன்று செஷன்ஸ் நீதிமன்றத்தில் மூன்று குற்றச்சாட்டுகள் வாசிக்கப்பட்டன. அவர் மறுத்து விசாரணை கோரினார். 2022 ஏப்ரல் 4 முதல் 2023 மார்ச் 30 வரை 71,350 ரிங்கிட், 2023 ஏப்ரல் 3 முதல் 2024 பிப்ரவரி 28 வரை 64,900 ரிங்கிட் என, தம் பொறுப்பில் இருந்த கடைப் பணத்தில் நம்பிக்கை மோசடி செய்ததாக முதல் இரண்டும் கூறுகின்றன. தண்டனைச் சட்டத்தின் 408ஆவது பிரிவின்கீழ் இவற்றுக்கு ஓராண்டு முதல் 14 ஆண்டு வரை சிறையும், கூடவே அபராதமும் விதிக்கப்படலாம். 8,200 ரிங்கிட் வங்கியில் கட்டப்பட்டதாக 2024 ஜனவரி 25 தேதியிட்டுப் பொய்ப் பதிவு செய்தார் என்பது 477A பிரிவின்கீழான மூன்றாவது குற்றச்சாட்டு. கடை உரிமையாளர் 2024 மார்ச் 12 அன்று கொடுத்த புகாரில் இழப்பு ஏறக்குறைய இரண்டு லட்சம் ரிங்கிட் எனக் குறிப்பிட்டிருந்தார். மார்ச் 4 அன்று ஆடிட்டர் மூலம் விஷயம் தெரியவந்ததாக அதில் உள்ளது. கணக்குப் புத்தகங்கள், வங்கி அறிக்கைகள், கேமராப் பதிவு, வாட்ஸ்அப் செய்தி, ஆவண ஆய்வு அறிக்கை ஆகியவை அரசுத் தரப்பு எதிர்த்தரப்புக்குக் கொடுத்த ஆவணங்களில் அடங்கும்."

கணவர் இல்லை, கார் இல்லை, அழுகை இல்லை. இவை புகாரில் மட்டுமே இருப்பவை, குற்றச்சாட்டில் இடம் பெறாதவை. குடும்பத்துக்கோ வழக்கறிஞருக்கோ எழுதும் உள்சுருக்கத்தில் "புகாரில் மட்டும்" என்ற தலைப்பின்கீழ் அவற்றை வைக்கலாம், வைக்கவும் வேண்டும். வெளியிடும் செய்தி என்றால் கணக்கு வேறு. 1957ஆம் ஆண்டு அவதூறுச் சட்டத்தின் 11ஆவது பிரிவு, திறந்த நீதிமன்றத்தில் நடந்ததை நேர்மையாக, துல்லியமாக, உடனுக்குடன் வெளியிடும் செய்திக்கு முழுப் பாதுகாப்புத் தருகிறது. நீதிமன்றத்தில் வாசிக்கப்பட்ட குற்றச்சாட்டு அந்தக் குடைக்குள் வரும். வாட்ஸ்அப்பில் வந்த புகார் நகல் வராது. புகார் கொடுத்தவருக்குப் புகாரில் சொன்னதற்காக அவதூறு வழக்கிலிருந்து பாதுகாப்பு உண்டு என்று கூட்டரசு நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது. அந்தப் பாதுகாப்பு போலீசிடம் சொன்னவருக்கு உரியது, அதை எடுத்து ஊருக்குப் பரப்புகிறவருக்கு அது தானாக ஒட்டிக்கொள்ளாது. கணவர் பெயரைச் சேர்த்த அந்த வாட்ஸ்அப் செய்தியை எழுதியவர் நிற்பது குடைக்கு வெளியே.

சுருக்கத்தின் மேல் ஓரத்தில் "எந்தத் தேதி வரையிலான தாள்களைக் கொண்டு எழுதியது" என்று குறித்து வைப்பது அவசியம். 158ஆவது பிரிவின்படி தீர்ப்புச் சொல்லும் முன் எந்தக் கட்டத்திலும் நீதிமன்றம் குற்றச்சாட்டைத் திருத்தலாம், புதிதாகச் சேர்க்கலாம். இரண்டாவது குற்றச்சாட்டின் தொகை 64,900இலிருந்து 58,300க்கு இறங்கினால், மேலே உள்ள பத்தியில் அந்த ஒரு எண்ணை மாற்றினால் போதும். புகாரின் இரண்டு லட்சத்தை யாரும் திருத்த மாட்டார்கள், அது 2024 மார்ச் 12, மாலை 4.40க்குச் சொல்லப்பட்டது சொல்லப்பட்டபடியே இருக்கும். வழக்கை 254ஆவது பிரிவின்கீழ் அரசுத் தரப்பு தொடரவில்லை என்று சொல்லி, விடுதலைக்குச் சமமாகாத விடுவிப்பு தரப்பட்டால், "குற்றமற்றவர் எனத் தீர்ப்பு" என்றும் எழுத முடியாது, "வழக்கு நிலுவையில்" என்றும் எழுத முடியாது. அதே பெண்மீது அதே குற்றச்சாட்டு திரும்ப வரலாம் என்பதால், பழைய சுருக்கத்தைத் தேதியோடு எடுத்து வைத்திருப்பவருக்குப் பாதி வேலை மிச்சம்.